தாத்தா அனுப்பாத பிறந்தநாள் கடுதாசி

என் தாத்தா 1969இல் எழுதி, ஒட்டி, தபாலில் போடாமல் விட்ட பிறந்தநாள் கடுதாசி ஒன்று அம்மாவின் பழைய தகரப் பெட்டியிலிருந்து கிடைத்தது. கையில் கிடைத்த பிறகு அதை முழுசாகப் படித்து முடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. நூற்றைம்பது வெள்ளி வீணாய்ப் போனது. கடுதாசியின் ஒரு பகுதி, அதுவும் முக்கியமான பகுதி, எங்களுக்குக் கிடைத்த பிறகுதான் கெட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே எடுத்த ஒரு வாரத்தில் பாழானது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. நம் ஊரில் எத்தனையோ வீட்டு ஸ்டோர் ரூமில் இந்த மாதிரிப் பெட்டி கிடக்கும். அதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர். பாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில். அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்த நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரர்கள் சிங்கப்பூரைவிட்டுப் போகப்போவதாக அறிவித்தார்கள். தாத்தாவுக்கு வேலை இருக்குமா, ஊர் திரும்புவதா, குடும்பத்தை இங்கே கூட்டி வருவதா என்று ஒன்றும் தெரியாத இரண்டு மூன்று வருடம் அப்புறம் ஓடியது. கப்பல் பட்டறை கைமாறி, அவருக்கு வேலை நிலைத்த பிறகுதான் பாட்டியும் பிள்ளைகளும் வந்தார்கள். பெரியம்மா கல்யாணமாகித் தஞ்சாவூருக்கே போய்விட்டார். அம்மா இங்கேயே இருந்துவிட்டார். பெட்டியும் அம்மாவோடு வீடு வீடாக மாறி, கடைசியில் ஈசூனில் ஸ்டோர் ரூமில் ஒதுங்கியது.

அம்மா சின்ன வீட்டுக்கு மாறும்போது பெட்டியைக் காரங்குனிக்காரரிடம் போட்டுவிடலாம் என்றுதான் பேச்சு. மூடியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம், இரண்டு பழைய வேட்டி, ஒரு பித்தளைக் கூஜா. அடியில் தமிழ் முரசுத் தாள் விரித்து, அதன் மேல் இன்னொரு தாள், அதன் மேல் இன்னொன்று. ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் அரித்திருந்தது. கடைசித் தாளைத் தூக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு நீல ஏரோகிராம். கடிதமும் உறையும் ஒரே தாளாக, மூன்றாய் மடித்து ஓரங்களை ஒட்டி அனுப்பும் அந்தக் காலத்து ஏர்மெயில் கடுதாசி. வெளியே பாட்டி பேர், கிராமத்து விலாசம். அச்சிட்ட தபால் தலையின் மேல் முத்திரை எதுவும் இல்லை. ஓரங்கள் மூன்றும் ஒட்டியபடி. அதாவது எழுதி முடித்து ஒட்டியிருக்கிறார், ஆனால் அது சிங்கப்பூரைவிட்டுப் போகவே இல்லை.

அம்மா வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில், தாத்தாவின் கையெழுத்தில், "கண்ணுக்குப் பிறந்தநாள் கடுதாசி" என்று இருந்தது. "அப்பா எனக்கு எழுதினதுடி இது" என்றார். அன்று ராத்திரியே தஞ்சாவூருக்குப் போன். பெரியம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "கண்ணுன்னு அப்பா என்னைத்தான் கூப்பிடுவார், ஒன்னை எங்க கூப்பிட்டார்?" என்றார். அறுபது தாண்டிய இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சண்டை. இருவருமே ஐப்பசியில் பிறந்தவர்கள், அதனால் மாசத்தை வைத்தும் சொல்ல முடியாது. கடுதாசியைத் திறந்தால்தான் தெரியும்.

திறக்கும் முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது. இது எனக்குப் பின்னாடிதான் தெரிந்தது. ஏரோகிராம் தாள் மெல்லியது. போன் டார்ச்சை அடியில் வைத்து, மேலே கடுதாசியைப் பிடித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நிழல் தெரியும். பூச்சி அரித்த ஓட்டை, துருப்பிடித்த குண்டூசி, உள்ளே வைத்த பொருள் எல்லாம் தெரியும். விரலால் மெதுவாகத் தடவினாலே மேடு தெரியும். எங்கள் கடுதாசியில் நடுவில் லேசாக மேடு இருந்தது. மடிப்பு உப்பியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒரு படச்சட்டம் போடும் கடையில் பழைய படங்கள், பத்திரங்கள் எல்லாம் சரிசெய்து தருவார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். போனேன். பார்த்ததும் கடைக்காரர், "ஈஸி, ஸ்டீம்ல வெச்சா கோந்து விட்டுடும், அப்புறம் லேமினேட் பண்ணித் தந்துடுறேன்" என்றார். நூற்றைம்பது வெள்ளி முன்பணம். லேமினேட் வேண்டாம், திறந்து கொடுத்தால் போதும் என்றேன். மறுநாளே போன் வந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது, நிறம் விடுகிறது, வந்து பாருங்கள் என்று. வேலையை விட்டுவிட்டு ஓடினேன். ஒரு பக்கத்து ஓரம் திறந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த ஒரு சிவப்பு ரிப்பன். ஆவி பட்டதும் அந்தச் சாயம் இளகி, தாளின் நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பாய் ஊறியிருந்தது. தாத்தா ஊற்றுப்பேனாவில் எழுதியிருந்தார். அந்த நீல மையும் விளிம்புகளில் கலங்க ஆரம்பித்திருந்தது. முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை, "வேலை செஞ்சாச்சு" என்றார்கள். நான் சத்தம் போடவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் லிஃப்டில் வந்துதான் அழுதேன்.

ஆவியில் கோந்து விடும் என்பது உண்மைதான். ஆனால் அதே ஈரம் மையையும் சாயத்தையும் கிளப்பிவிடும். ஊற்றுப்பேனா மையில், குறிப்பாகத் துணியில் பட்டால் துவைத்து எடுக்கலாம் என்று விற்ற நீல மையில், தண்ணீர் பட்டால் எழுத்து கரையும். பால்பாயிண்ட் மை அப்படிக் கரையாது. என்ன மை என்று தெரியவேண்டுமென்றால், கடுதாசியில் எங்காவது ஒரு புள்ளியையோ கோட்டின் முனையையோ தேர்ந்து, குச்சி முனைப் பஞ்சை மிக லேசாக நனைத்து, பிழிந்து, ஒரு விநாடி தொட்டுப் பார்க்கவேண்டும். பஞ்சில் நீலம் ஏறினால் அந்தக் கடுதாசிக்குப் பக்கத்தில் தண்ணீரோ ஆவியோ வரவே கூடாது. இன்னொன்று, ஆவியில் இளகிய கோந்து ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். எங்கள் கடுதாசியில் அதுதான் நடந்தது. பாதி திறந்த ஓரம் வீடு வந்து சேர்வதற்குள் உள்மடிப்போடு சேர்ந்து இன்னும் இறுக்கமாக ஒட்டிவிட்டது.

வீட்டில் அம்மா சொன்ன முதல் யோசனை, "வெயில்ல கொஞ்சம் காயப்போடு". எல்லா அம்மாவும் சொல்வதுதான். வெயில் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மங்கிய மை இன்னும் வெளுக்கும், ஈரத்தாள் ஒரு பக்கம் வேகமாகக் காய்ந்து சுருண்டுகொள்ளும். தலை காயவைக்கும் டிரையரும் அதே கேடுதான். நான் செய்தது இது. ரிப்பனை இழுக்கவில்லை. ரிப்பனுக்கும் தாளுக்கும் நடுவே, திறந்திருந்த பக்கம் வழியாக, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் எண்ணெய் ஒட்டாத தாளை ஒரு சின்னத் துண்டாக வெட்டி நுழைத்தேன். சாயம் மேற்கொண்டு தாளில் இறங்காமல் இருக்க அது போதும். மேலும் கீழும் அச்சோ பூவோ இல்லாத வெள்ளை டிஷ்யூ, அதன் மேல் ஒரு கனமான புத்தகம். டிஷ்யூ ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தேன். அறையில் ஏர்கான் போட்டு வைத்தேன், காற்று நேராகப் படாத மூலையில்.

அப்புறம் பூஞ்சை. சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டுப் பக்கம் நிற்கும். அறுபத்தைந்தைத் தாண்டினாலே தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தகரப் பெட்டிக்குள் இருந்தவரை செய்தித்தாள் அடுக்குகள் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக் காப்பாற்றியிருக்கவேண்டும், ஆனால் அதே செய்தித்தாளில் உள்ள அமிலம் கடுதாசியின் ஒரு பக்கத்தைப் பழுப்பாக்கியும் இருந்தது. இரண்டு மூன்று நாளில் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் தெரிந்தது. அதை உடனே துடைக்கக்கூடாது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து ஏறிவிடும். நன்றாகக் காய்ந்து பொடியாகும்வரை விட்டு, பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் தாழ்வாரத்தில் நின்று, மென்மையான ஓவிய பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தள்ளிவிடவேண்டும். தொட்டால் இழுபட்டால் இன்னும் உயிரோடு இருக்கிறது, பொடியாய் உதிர்ந்தால் அடங்கிவிட்டது. அவ்வளவுதான் கண்டுபிடிக்கும் வழி.

காய்ந்த பிறகு கடுதாசியை என் கணவருடைய கேமரா டிரை கேபினெட்டில் வைத்தேன். கேமரா வைத்திருக்கும் வீடுகளில் இங்கே அது சாதாரணமாக இருக்கும். ஈரப்பதத்தை ஐம்பதில் நிறுத்தினேன். முப்பதுக்குக் கீழே போனால் பழைய தாள் மொடமொடவென்று ஆகி மடிப்பில் உடையும். "என் லென்ஸுக்கு எங்க இடம்?" என்று அவர் கேட்டார், ஆனால் விட்டுக்கொடுத்தார். இரண்டு வாரம் போல் அப்படியே விட்டேன். அந்தக் காலத்துக் கோந்து காயக் காயத் தன் பிடியை இழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆவி செய்ததாகச் சொன்ன வேலையைப் பொறுமை செய்தது. சாத்தே குச்சி ஒன்றை எடுத்து, கத்தியால் தட்டையாகச் சீவி, உப்புத்தாளில் முனையைத் தாள் கனத்துக்குத் தேய்த்துக்கொண்டேன். அதை ஓரத்தில் நுழைத்து, தாளுக்கு இணையாகப் படுக்க வைத்து நகர்த்தினால் கோந்து மெல்லச் சடசடவென்று விடுபடும். எதிர்ப்பு வந்தால் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இரும்புக் கத்தி வேண்டாம், ஏரோகிராம் தாளில் அது எப்போது வெட்டுகிறது என்று கைக்குத் தெரியாது. ஓரங்களைக் கத்தரித்துத் திறப்பது சுலபம்தான், ஆனால் இடம் போதாமல் ஓர மடிப்புகளில்கூட எழுதி முடிப்பது அந்தக் காலத்துப் பழக்கம். தாத்தாவும் எழுதியிருந்தார்.

திறந்தாயிற்று. மேலே பிள்ளையார் சுழி. "சௌமிய வருஷம் புரட்டாசி மாதம் ௨௫" என்று தேதி. ஆங்கில வருடமே எங்கும் இல்லை. தமிழ் வருடங்கள் அறுபதும் பிரபவவில் தொடங்கிச் சுற்றி வருபவை. 1987 சித்திரையில் ஒரு பிரபவ தொடங்கியது, அதற்கு முந்தைய சுற்று 1927இல். சௌமிய நாற்பத்து மூன்றாவது பெயர், ஆக 1969 சித்திரையில் தொடங்கிய வருடம். புரட்டாசி 25 என்றால் அக்டோபர் நடுப்பகுதிக்குச் சற்று முன்னால். பழைய கடுதாசி, பத்திரம் எதிலும் தேதி இப்படி இருந்தால் கணக்கு இதே. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால், முந்தைய சுற்றா பிந்தைய சுற்றா என்பதை மட்டும் வேறு ஆதாரத்தால் உறுதிசெய்யவேண்டும். எங்களுக்குத் தாத்தாவின் வயதே போதும்.

என் மகளுக்குப் படிக்கக் கொடுத்தால் திக்கித் திணறினாள். லை, னை, றா எல்லாம் 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வடிவில் இருந்தன. யானைத் துதிக்கை போட்ட லையை அவள் பார்த்ததே இல்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று படித்தார். "கண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். அங்கு உன் சுகமும் அம்மா சுகமும் அறிய ஆவல். வருகிற ஐப்பசி" என்பதோடு நின்றார். அதற்கப்புறம் மூன்று வரி சிவப்புச் சாயத்துக்கு அடியில். நட்சத்திரமும் வயதும் இருக்கவேண்டிய இடம் சரியாக அதுதான். அதற்குக் கீழே மறுபடி தெளிவு: "செராங்கூன் ரோட்டில் உனக்குப் பிடித்த நிறத்தில் ரிப்பன் வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். அம்மாவை இரட்டைச் சடை போட்டுக் கட்டிவிடச் சொல். அடுத்த வருஷம் நானே கட்டிவிடுவேன்."

பெரியம்மாவுக்குச் சிவப்புதான் பிடிக்குமாம். அம்மாவுக்கும் சிவப்புதான்.

சாயத்தைத் தண்ணீரால் எடுக்க முடியாது, மையும் சேர்ந்து போகும். ஆனால் எடுக்கவே தேவையில்லை என்பது புகைப்பட வேலை தெரிந்த ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது. சிவப்புக் கறை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், நீல மை அதை விழுங்கும். ஆகவே சிவப்பு ஒளியில் மட்டும் பார்த்தால் கறை தாளோடு தாளாக வெளுத்துப்போகும், எழுத்து கறுப்பாக நிற்கும். மிகச் சுலபமான சோதனை, பரிசுப்பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண் முன்னால் பிடித்துப் பார்ப்பது. இன்னும் தெளிவாக வேண்டுமானால் வெளிச்சம் சமமாக விழும் ஜன்னலோரம் போனில் படமெடுத்து, Snapseed செயலியில் Black & White போய், நிற வடிகட்டியில் Red தேர்ந்தெடுக்கவேண்டும். கணினியில் GIMP இருந்தால் Colors > Components > Extract Component வழியாக RGB Red மட்டும் எடுக்கலாம். ஏரோகிராம் தாளே நீலம் என்பதால் பின்னணி கொஞ்சம் சாம்பலாகும், பரவாயில்லை. இது சிவப்பு, ஆரஞ்சுக் கறைக்கும் நீல, கறுப்பு மைக்கும்தான் சரிப்படும். எழுத்தே சிவப்பு மையில் இருந்தால் அதுவும் மறைந்துவிடும். மை முழுசாகக் கரைந்து போன இடத்தில் எந்த வடிகட்டியும் எதையும் கொண்டுவராது. எங்களுக்கும் ஒரு வரியின் பாதி கடைசிவரை வரவில்லை.

ஆனால் மற்றது வந்தது. "வருகிற ஐப்பசி சதயத்தில் உனக்கு ஏழு முடிகிறது. ராஜராஜ சோழன் நட்சத்திரம் என்று ஊரில் சொல்வார்களே" என்று. சதயம் அம்மாவின் நட்சத்திரம். தஞ்சைப் பெரிய கோயிலில் ஐப்பசி சதயத்துக்கு விழா எடுப்பார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளை யாராவது அன்று பிறந்தால் ஊரே அதைச் சொல்லும். பெரியம்மா பரணி. அம்மா ஒன்றும் பேசாமல் போனை எடுத்து, பெரியம்மாவை அழைத்து, அந்த வரியை மட்டும் நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் படித்துக் காட்டினார். 1969 பிறந்தநாளுக்கு அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லும் குறை ஒன்று உண்டு. அதை நாங்கள் கதை என்றே நினைத்திருந்தோம்.

ஏன் அனுப்பவில்லை? தாத்தா இல்லை, கேட்க முடியாது. ஏரோகிராமுக்குள் எந்தப் பொருளும் வைக்கக்கூடாது என்பது தபால் விதி, எங்கள் தாளின் பின்பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஒட்டிய பிறகு யாரோ சொல்லியிருக்கலாம், அல்லது தபாலாபீஸில் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வேறு கடுதாசி எழுத நினைத்து விட்டுப்போயிருக்கலாம். இதெல்லாம் என் யூகம்தான். தடயம் என்று இருப்பது முத்திரை விழாத தபால் தலையும் உள்ளே இருந்த ரிப்பனும்.

இப்போது கடுதாசி தெளிவான பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது, மடிக்காமல், அமிலமில்லாத அட்டையோடு. வாங்கும்போது பிவிசி இல்லாத உறையா என்று கேட்டு வாங்கவேண்டும், பிவிசி நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளிக்குள். லேமினேட் செய்தால் மட்டும் திரும்ப எடுக்கவே முடியாது, சூடும் பசையும் தாளோடு ஒன்றாகிவிடும். செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாய் ஊறி எழுத்தைத் தின்றுவிடும். ரிப்பனைத் தனி உறையில் வைத்திருக்கிறேன், இனி இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

பெரியம்மா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். பாட்டி ஊரில் விட்டு வந்த இன்னொரு பெட்டி அவர் வீட்டுப் பரணில் இருக்கிறதாம், மூடியின் உள்பக்கம் துணி ஒட்டி, அதற்குள் ஏதோ தாள் மாதிரி சத்தம் கேட்கிறதாம். "நான் திறந்து வெயில்ல வைக்கட்டுமாடி?" என்றார். பொங்கலுக்கு நான் வருகிறேன், அதுவரை யாரும் அந்தப் பெட்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாத்தே குச்சி சீவி வைத்தாயிற்று.